1.20 ஏக்கரா, 1.20 ஹெக்டேரா? விற்பவரிடம் எப்படிக் கேட்பது

கேள்வி: தாராபுரம் பக்கம் ஒரு தோட்டம் விற்பனைக்கு என்று இணையத்தில் விளம்பரம் பார்த்தேன். தலைப்பில் "1.20 ஏக்கர் தோட்டம்" என்று இருக்கிறது. கீழே விவரத்தில் "மொத்தப் பரப்பு 1.20 ஹெக்டேர்" என்று போட்டிருக்கிறார்கள். விலை 54 லட்சம். ஹெக்டேர் என்றால் கிட்டத்தட்ட மூன்று ஏக்கர், அப்படியானால் அடிமாட்டு விலை. விளம்பரத்தில் போட்டதைக் கொடுக்கத்தானே வேண்டும்? விற்பவர் வயதானவர், தரகர் மூலமாகத்தான் பேசுகிறோம். தரகர், "வேலிக்குள்ள இருக்கிறது பூரா உங்களுக்குத்தான். அளவைக் கிளறினா அவர் விலையை ஏத்திருவார்" என்கிறார். இந்த வாரமே ஒரு லட்சம் டோக்கன் அட்வான்ஸ் கேட்கிறார்கள். பேசாமல் அக்ரிமென்ட்டில் "1.20 ஹெக்டேர்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாமா? இல்லை, கடிதம் எழுதிக் கேட்பதுதான் சரியா? கேட்பதென்றால் எப்படி எழுதுவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

வழக்கறிஞரின் பதில்:

கடிதம் எழுதிக் கேளுங்கள். டோக்கன் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். பேசாமல் இருந்து கையெழுத்து வாங்கிவிட்டால் லாபம் என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. ஆனால் அந்த வழியில் உங்களுக்கு லாபம் வர வாய்ப்பு மிகக் குறைவு, நஷ்டம் வர வாய்ப்பு அதிகம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் விலையைப் பாருங்கள். 1.20 ஏக்கர் என்றால் 120 சென்ட். 54 லட்சத்தை 120-ஆல் வகுத்தால் சென்ட் சரியாக 45,000 ரூபாய் வருகிறது. 1.20 ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய 296 சென்ட். அப்போது சென்ட் 18,200 ரூபாய் சொச்சம் வருகிறது. நம் ஊரில் நிலத்துக்கு விலை சொல்கிறவர் சென்ட்டுக்கு இவ்வளவு அல்லது ஏக்கருக்கு இவ்வளவு என்றுதான் கணக்குப் போட்டு மொத்த விலைக்கு வருவார். 45,000 என்ற முழு எண் அப்படிப் போட்ட கணக்கின் தடம். 18,200 சொச்சம் என்று யாரும் விலை சொல்வதில்லை. அக்கம்பக்கத்துத் தோட்டங்கள் சென்ட் என்ன விலைக்குப் போகின்றன என்று ஊரில் இரண்டு பேரிடம் விசாரித்தால் இன்னும் தெளிவாகும். என் ஊகம், விற்பவர் மனதில் இருப்பது ஏக்கர். விளம்பரத்தைப் பதிவேற்றியவர் அலகைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஹெக்டேரை அழுத்தியிருக்க வேண்டும். ஆனாலும் இது ஊகம்தான். ஊகத்தை நம்பி 54 லட்சம் போட முடியாது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது

தமிழ்நாட்டில் நாம் பேசுவது ஏக்கர், சென்ட். பழைய கிரயப் பத்திரங்களிலும் அதுதான். பட்டாவிலும் சிட்டாவிலும் அரசு பதிவது ஹெக்டேர், ஏர். ஒரு ஹெக்டேருக்கு 100 ஏர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், சென்ட்டில் சொன்னால் ஏறக்குறைய 2.47 சென்ட். ஆக ஒரு ஹெக்டேர் 247 சென்ட், அதாவது 2 ஏக்கர் 47 சென்ட்.

பட்டாவில் பரப்பு என்ற தலைப்பின் கீழ் "ஹெக் - ஏர்" என்று போட்டு, அதற்குக் கீழே எண்கள் இருக்கும். உங்கள் தோட்டம் உண்மையில் 1.20 ஹெக்டேராக இருந்தால் அங்கே 1 - 20.00 என்று இருக்க வேண்டும். 1.20 ஏக்கராக இருந்தால் 0 - 48.50 என்பதை ஒட்டிய எண் இருக்கும். 48.50-ஐ 2.47-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 120 சென்ட் வரும். இதில் இன்னொரு வழுக்கல் இருக்கிறது. 0 - 48.50 என்பதைப் பார்த்துவிட்டு "48 சென்ட்தான் பட்டாவில் இருக்கிறது, ஏமாற்றுகிறார்கள்" என்று சண்டைக்குப் போனவர்களும் உண்டு. அது சென்ட் அல்ல, ஏர். இதே தவறு மறுபக்கமும் நடக்கும். 1 - 20.00 என்பதை ஒரு ஏக்கர் இருபது சென்ட் என்று வாசித்து, மூன்று ஏக்கர் நிலத்தை 1.20 ஏக்கர் என்று தரகரிடம் சொல்லிவிடுகிறவர்களும் இருக்கலாம். வயதான, நிலத்தைத் தானே உழுத விவசாயி அப்படித் தவறு செய்வது அபூர்வம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பட்டாவைப் பார்த்து விளம்பரம் எழுதியிருந்தால் நடக்கக்கூடியதுதான்.

நிலத்தைப் போய்ப் பார்த்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஏக்கருக்கும் ஹெக்டேருக்கும் இரண்டரை மடங்கு வித்தியாசம், அது கண்ணுக்கே தெரியும். ஓரளவு சதுரமான நிலம் என்றால், 1.20 ஏக்கருக்கு ஒரு பக்கம் 70 மீட்டர் வரும். 1.20 ஹெக்டேருக்கு 110 மீட்டர் வரும். வேலியை ஒட்டி ஒரு சுற்று நடந்தால் முதலாவது 280 மீட்டர், இரண்டாவது 440 மீட்டர். கோணல்மாணலான நிலத்தில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதற்கு, கைபேசி வரைபடத்தில் நான்கு மூலைகளையும் குறித்துப் பரப்பு பார்க்கலாம். இதெல்லாம் நம் மனதுக்குத் தெளிவு கிடைக்கத்தான். பத்திரத்தில் எழுதுவதற்கு இது போதாது.

"விளம்பரத்தில் போட்டதைக் கொடுக்கத்தானே வேண்டும்?"

இல்லை. நில விற்பனை விளம்பரம் என்பது சட்டத்தின் பார்வையில் பொதுவாகப் பேச்சுக்கு வரச் சொல்லும் அழைப்பு மட்டுமே. நீங்கள் "சரி" என்று சொன்னதுமே ஒப்பந்தம் ஆகிவிடாது. இருவரும் பேசி, எந்த நிலம், எவ்வளவு பரப்பு, என்ன விலை என்று ஒரே புரிதலுக்கு வந்த பிறகுதான் ஒப்பந்தம் வருகிறது.

சரி, அக்ரிமென்ட்டிலேயே "1.20 ஹெக்டேர்" என்று எழுதி வாங்கிவிட்டால்? அங்கேயும் இரண்டு தடைகள் இருக்கின்றன. சொத்து விவரத்தில் பரப்போடு நான்கெல்லையும் எழுதுவோம். வடக்கே இன்னாருடைய நிலம், கிழக்கே வண்டிப்பாதை என்கிற மாதிரி. எழுதிய பரப்பும் எழுதிய எல்லையும் முரண்பட்டால், எல்லை தெளிவாக இருக்கும்போது நீதிமன்றங்கள் பொதுவாக எல்லையையே எடுத்துக்கொள்கின்றன. அந்த எல்லைக்குள் 1.20 ஏக்கர்தான் இருக்கிறது என்றால், தாளில் ஹெக்டேர் என்று எழுதியதால் நிலம் பெரிதாகிவிடாது. உங்கள் கையில் மிஞ்சுவது நிலம் அல்ல, வழக்கு.

அந்த வழக்கும் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 20-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்துக்கு அடிப்படையான ஒரு விஷயத்தில் இரு தரப்புமே தவறான எண்ணத்தில் இருந்தால் அந்த ஒப்பந்தம் செல்லாது. தவறான தகவலை நம்பிக் கையெழுத்துப் போட்டதாகச் சொல்லி நீங்கள் விலக நினைத்தால் 19-ஆம் பிரிவு வருகிறது. அதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: சாதாரண அக்கறையோடு விசாரித்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால், தவறான தகவலைக் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்க முடியாது. பட்டாவை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். போதாததற்கு, விளம்பரத்திலேயே இரண்டு அலகுகள் முரண்பட்டு நின்றன, அதை நீங்கள் கவனித்தும் இருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

தரகர் சொல்லும் "வேலிக்குள்ள இருக்கிறது பூரா" என்ற பேச்சையும் நம்பிப் போகாதீர்கள். விற்பவருக்கு எது சொந்தமோ அதைத்தான் அவர் விற்க முடியும். வேலிக்குள் ஓடைப் புறம்போக்கோ, பக்கத்துப் பங்காளியின் பத்து சென்ட்டோ சேர்ந்திருக்கலாம். வேலி போட்டவர் வசதிக்குப் போடுவார், புல எண்ணைப் பார்த்துப் போடுவதில்லை.

கேட்பது உங்கள் உரிமை

கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882-இன் 55-ஆம் பிரிவில் விற்பவரின் கடமைகள் இருக்கின்றன. சொத்தைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் வாங்குபவர் கேட்கும் பொருத்தமான கேள்விகளுக்குத் தனக்குத் தெரிந்தவரை பதில் சொல்ல வேண்டும், தன்னிடம் உள்ள ஆவணங்களைப் பார்வைக்குக் காட்ட வேண்டும் என்பவை அவற்றில் இரண்டு. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதவரை இவை விற்பவருக்குப் பொருந்தும். அதனால்தான் எழுத்தில் கேட்கச் சொல்கிறேன். வாய்ப்பேச்சில் கேட்டால் நாளைக்கு "நான் ஏக்கர்னுதான் சொன்னேன்" என்று சொல்வதற்கு இடம் இருக்கும்.

விலையை ஏற்றிவிடுவாரே என்ற பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஏக்கர்தான் என்றால் ஏற்றுவதற்கு ஒன்றுமில்லை, 54 லட்சம் அதற்கான விலையே. ஒருவேளை நிஜமாகவே ஹெக்டேராக இருந்து, அவர் கணக்கில் தவறியிருந்தால், அது எப்படியும் கிரயத்துக்கு முன் வெளிவந்துவிடும். பத்திரத்தில் எழுதும் பரப்பு பட்டாவோடு ஒத்துப் பார்க்கப்படும். வழிகாட்டி மதிப்பும் அந்தப் பரப்புக்குத்தான் கணக்கிடப்படும். அன்றைக்கு உங்கள் ஒரு லட்சம் அவர் கையில் இருக்கும், அவர் கையெழுத்துப் போட மறுப்பார். இன்னொன்றையும் மனதில் வையுங்கள். வயதான ஒருவர் எண்ணில் தடுமாறியது தெரிந்தும் பேசாமல் இருந்து வாங்கினால், அவருடைய பிள்ளைகள் அந்தக் கிரயத்தைச் சும்மா விடமாட்டார்கள். விட வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். ஒன்று, "1.20 ஏக்கர்தானே?" என்று கேட்காதீர்கள். "ஆமாங்க" என்று ஒரு சொல் வாட்ஸ்அப்பில் வரும், எதற்கு ஆமாம் என்பது யாருக்கும் தெரியாது. எண்ணையும் அலகையும் அவரே எழுதும்படி கேளுங்கள். இரண்டு, "54 லட்சத்துக்கு வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்" என்று எழுதாதீர்கள். பரப்பே தெரியாத நிலையில் விலையை ஒப்புக்கொண்டதாக அது ஆகிவிடும். கடிதம் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

தாராபுரம் அருகே உள்ள தங்கள் தோட்டம் விற்பனைக்கு என்று வந்த விளம்பரத்தைப் பார்த்தேன். அதன் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். தலைப்பில் 1.20 ஏக்கர் என்றும், விவரத்தில் 1.20 ஹெக்டேர் என்றும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 176 சென்ட் வித்தியாசம் வருவதால், மேற்கொண்டு பேசுவதற்கு முன் சரியான அளவைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். கீழ்க்கண்ட விவரங்களைத் தங்கள் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

1. கிராமத்தின் பெயர், பட்டா எண், புல எண், உட்பிரிவு எண்.
2. பட்டாவில் உள்ள பரப்பு ஹெக்டேர், ஏரில் எவ்வளவு? தங்கள் கிரயப் பத்திரத்தில் உள்ள பரப்பு ஏக்கர், சென்ட்டில் எவ்வளவு?
3. பட்டா தங்கள் பெயரில் மட்டும் உள்ளதா, கூட்டுப் பட்டாவா? கூட்டுப் பட்டா என்றால் விற்பனைக்கு வரும் பங்கு எவ்வளவு?
4. கேட்கும் விலை மொத்த நிலத்துக்கா, சென்ட் கணக்கிலா? சென்ட் கணக்கு என்றால் சென்ட் எவ்வளவு?

பட்டா, பத்திரம் ஆகியவற்றின் நகல்களையும் அனுப்பினால் உதவியாக இருக்கும். பரப்பும் விலையும் உறுதியான பிறகே முன்பணம் பற்றிப் பேச விரும்புகிறேன். இது விலைக்கான ஒப்புதல் அல்ல, விவரம் கேட்கும் கடிதம் மட்டுமே.

இப்படிக்கு, ..."

இதைத் தரகரிடம் மட்டும் கொடுத்தனுப்பாமல் விற்பவருக்கே நேரடியாகச் சேர்த்துவிடுங்கள். அவருக்கு வாசிக்கச் சிரமம் என்றால், நேரில் போய் வாசித்துக் காட்டி, பதிலை அவர் மகனோ மகளோ எழுத அவர் கையெழுத்துப் போட்டாலும் போதும். விளம்பரத்தை இன்றைக்கே தேதியோடு படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதம் போனதும் அது திருத்தப்படலாம்.

பதில் வந்த பிறகு

புல எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. eservices.tn.gov.in தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்துப் பட்டாவைப் பாருங்கள். புலப்படத்தையும் அங்கேயே எடுக்கலாம். அவர் எழுதிய எண்ணும் தளத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

0 - 48.50 என்று இருந்தால் கதை முடிந்தது, ஏக்கர்தான். பத்திரத்தில் 1.20 ஏக்கர் என்றும் பட்டாவில் அதைவிடக் கால் சென்ட், அரை சென்ட் குறைந்தும் இருந்தால் அது அலகு மாற்றும்போது வரும் உதிரி, கவலை வேண்டாம். 1 - 20.00 என்று இருந்தால் உடனே சந்தோஷப்படாமல் பட்டாவில் எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று பாருங்கள். கூட்டுப் பட்டாவில் தெரிவது எல்லோருக்குமான மொத்தப் பரப்பு. மொத்தம் 1.20 ஹெக்டேர், அதில் உங்கள் விற்பவரின் பங்கு 1.20 ஏக்கருக்கும் குறைவு என்றுகூட இருக்கலாம். அப்போது உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கிய பிறகே கிரயம் என்று சொல்லிவிடுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது மூன்றாவது நிலையைப் பற்றி. பத்திரத்தில் 1.20 ஏக்கர், பட்டாவில் 0 - 46.00 என்று வைத்துக்கொள்வோம். 46 ஏர் என்றால் 113 சென்ட் சொச்சம். ஆறு சென்ட்டுக்கு மேல் குறைகிறது. சென்ட் 45,000 வீதம் ஏறக்குறைய 2 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய். ஏக்கரா ஹெக்டேரா என்ற பெரிய குழப்பம் தீர்ந்த நிம்மதியில் இந்தச் சின்னக் குறைவை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். 1979-இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பரப்பு தவறாக ஏறியிருக்கலாம், அல்லது சாலைக்குக் கொஞ்சம் நிலம் போயிருக்கலாம், அல்லது முன்பே யாருக்காவது விற்றிருக்கலாம். கடைசிக் காரணம் வில்லங்கச் சான்றில் தெரிந்துவிடும். எப்படியானாலும் விற்பவரை நில அளவைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி, வட்ட அலுவலக சர்வேயர் வந்து அளந்து கல் நட்ட பிறகு விலை பேசுங்கள்.

அக்ரிமென்ட்டில் பரப்பை இரண்டு அலகிலும் எழுதுங்கள்: "0.48.50 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 1 ஏக்கர் 20 சென்ட்". வெறும் "1.20" என்று எங்கும் இருக்கக் கூடாது. விலையை மொத்தத் தொகையாக மட்டும் எழுதாமல், "அளந்து வரும் பரப்புக்கு சென்ட் 45,000 ரூபாய் வீதம்" என்று சேர்த்துவிட்டால், கூடினாலும் குறைந்தாலும் இருவருக்கும் நியாயமாக இருக்கும். தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். இருபது ரூபாய் தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்வது போதாது.

வேறு யாரோ வாங்கிவிடுவார்கள் என்று அவசரப்படுத்தி, பதில் வருவதற்குள் டோக்கன் கொடுத்தே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், ஒரு லட்சத்தைக் கொடுக்காமல் சிறு தொகையைக் கொடுங்கள். வங்கி வழியாக, விற்பவர் கணக்கிலேயே போடுங்கள், தரகர் கையில் வேண்டாம். ரசீதில் புல எண்ணை எழுதி, "பட்டாப்படி பரப்பு 1 ஏக்கர் 20 சென்ட்டுக்குக் குறையாமல் இருந்தால் மட்டுமே மேற்கொண்டு ஒப்பந்தம், இல்லையெனில் இந்தத் தொகையை முழுவதும் திருப்பித் தருகிறேன்" என்ற வாக்கியத்துக்குக் கீழே அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.